டர்பன்ல பர்ச்சேஸ் வேலையை விட்டு கிளம்புறீங்களா? சப்ளையர்களுக்கு நன்றி மெயில் அனுப்புற முறை

இந்த ஊருக்குப் புதுசா வந்து ஃபேக்டரி, ஹோல்சேல், ஹோட்டல்னு எங்கயாவது பர்ச்சேஸ் சீட்ல உக்காந்திருக்கவங்களுக்காக இதை எழுதுறேன். நான் டர்பன் பக்கத்துல பைன்டவுன்ல ஒரு மசாலா பேக்கிங் ஃபேக்டரில வாங்குற வேலை பார்த்தேன், அட்டைப்பெட்டி, லேபிள், ஸ்ட்ரெட்ச் ஃபிலிம், பேலட், கொஞ்சம் சரக்கு எல்லாம் என் கைல தான். எனக்கு முன்னாடி அந்த சீட்ல இருந்தவர் சப்ளையர் யார்கிட்டயும் சொல்லாம போயிட்டார், அவங்க எல்லாம் அந்த பழைய மெயில் ஐடிக்கே ஸ்டேட்மெண்ட் அனுப்பிட்டு இருந்தாங்க, அதை திறந்து பார்க்க ஆளே இல்ல. பணம் போகாததால ரெண்டு பேர் அக்கவுண்ட்ட ஹோல்ட்ல போட்டு லோடு அனுப்ப மாட்டேன்னுட்டாங்க, அதை சரி பண்ணவே எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. அதனால நான் கிளம்புறப்போ இதை ஒழுங்கா பண்ணணும்னு இருந்தேன், ஆனா எப்படி பண்றதுன்னு சொல்லித்தர ஒருத்தரும் இல்ல, அங்கங்க கேட்டு முட்டி மோதி தான் கத்துக்கிட்டேன்.

ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. நீங்க போனதுக்கு அப்புறம் சப்ளையர் கைல நிக்கப்போறது இந்த ஒரு மெயில் தான். என் பாக்கி என்னாச்சு, இனி யாரை நம்பி லோடு ஏத்துறதுன்னு அவங்களுக்கு ரெண்டே கேள்வி. அதுக்கு பதில் சொல்லிட்டு நன்றி சொன்னா அந்த நன்றிய மனசார எடுத்துப்பாங்க, அது இல்லாம வெறும் நன்றி மட்டும் போச்சுன்னா வயித்துல புளிய கரைக்கும், அடுத்த நிமிஷமே கிரெடிட்டர்ஸ் கிளார்க்குக்கு போன் போட்டுருவாங்க.

1. முதல்ல யார்கிட்ட சொல்லணும், எப்போ

ராஜினாமா எழுத்துல குடுக்கணும். இங்க தென்னாப்பிரிக்கா சட்டப்படி நோட்டீஸ் எவ்வளவுன்னா, வேலைக்கு சேர்ந்து 6 மாசம் வரைக்கும்னா 1 வாரம், 6 மாசத்துக்கு மேல ஆகி 1 வருஷம் ஆகலன்னா 2 வாரம், 1 வருஷம் ஆயிட்டா 4 வாரம். உங்க கான்ட்ராக்ட்ல அதைவிட அதிகமா போட்டிருக்கலாம், எடுத்து பாருங்க.

லெட்டர் குடுத்த அன்னைக்கே சப்ளையர்கிட்ட சொல்லிடாதீங்க. மேனேஜர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க: வெளில எந்த தேதில சொல்லலாம், என் இடத்துக்கு யார் பேரை போடணும். புது ஆள் இன்னும் கிடைக்கலன்னாலும் தற்காலிகமா ஒரு பேர் வேணும். பேரே இல்லாம மெயில் போச்சுன்னா அது சப்ளையருக்கு கவலைய மட்டும் தான் குடுக்கும். இந்த ரெண்டையும் மெயில்லயே எழுதி வாங்கிக்கோங்க, வாய்ல சொன்னது பின்னாடி நிக்காது.

இங்க ஒரு பொறி இருக்கு. பர்ச்சேஸ் ஆளுங்க ராஜினாமா பண்ணா சில கம்பெனில அன்னைக்கே லாகின்ன மூடிடுவாங்க, விலை வெளில போயிடும்ங்கிற பயம் தான். அதுக்கு பயந்து சப்ளையர் லிஸ்ட்ட சொந்த மெயிலுக்கு ஃபார்வர்ட் பண்ணி வைக்குறவங்க உண்டு, தயவுசெஞ்சு அதை செய்யாதீங்க. அந்த லிஸ்ட்ல விலை இருக்கு, ஆளுங்களோட செல் நம்பர் இருக்கு, தனிப்பட்ட தகவல பாதுகாக்கிற போபியா சட்டத்த 2021 ஜூலைல இருந்து இங்க முழுசா அமல்படுத்துறாங்க, கடைசி மாசத்துல உங்க மேல ஒரு விசாரணை வந்தா தேவையா. மூடிட்டாங்கன்னா விஷயத்த எல்லாம் எழுதி மேனேஜர்கிட்ட குடுத்து அவர் ஐடில இருந்து அனுப்ப சொல்லுங்க.

2. ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு பாக்கி கணக்கு

மெயில் டைப் பண்ண உக்காரதுக்கு முன்னாடி இந்த வேலை. இங்க பெரும்பாலும் ஸ்டேட்மெண்ட் தேதில இருந்து 30 நாள்ல பணம்ங்கிற பழக்கம், மாச கடைசில ஸ்டேட்மெண்ட் வரும், அதுல இருந்து எண்ணுவாங்க. அதனால நீங்க போற நாள்ல நீங்க போட்ட ஆர்டர்ல பாதிக்கு இன்னும் பணமே போயிருக்காது. அந்த பாக்கி எல்லாம் உங்க தலைல இருக்கு, பேப்பர்ல இல்லன்னா தான் சிக்கல்.

ஒரு உதாரணம் முழுசா சொல்றேன், அட்டைப்பெட்டி சப்ளையர்னு வச்சுக்கோங்க. 8,000 பெட்டிக்கு ஆர்டர், ஒரு பெட்டி 6.40 ராண்ட். 5,500 வந்துடுச்சு, மீதி 2,500 வரணும், அதோட மதிப்பு வாட் இல்லாம 16,000 ராண்ட். வந்ததுல 150 பெட்டி மழைல நனைஞ்சு இருந்துச்சு, டிரைவர் முன்னாடியே டெலிவரி நோட்ல எழுதி கையெழுத்து வாங்கியாச்சு, ஆனா கிரெடிட் நோட் இன்னும் வரல. 150 பெட்டிக்கு 960 ராண்ட், 15 சதவீதம் வாட் 144, மொத்தம் 1,104. பார்த்தா சின்ன தொகை தான். ஆனா இது யாருக்கும் தெரியாம நீங்க போயிட்டீங்கன்னா என்ன ஆகும்னா, சப்ளையர் ஸ்டேட்மெண்ட்ல முழு தொகை இருக்கும், நம்ம கிளார்க் சிஸ்டத்துல 150 கம்மியா வாங்கினதா இருக்கும், ரெண்டும் ஒத்துப்போகலன்னு அந்த இன்வாய்ஸ் முழுசையும் நிறுத்தி வச்சிடுவாங்க. 1,104 ராண்டுக்காக வாட் சேர்த்து 40,480 ராண்ட் நிக்கும். இதுல எதையும் நன்றி மெயில்ல விளக்கமா எழுத வேண்டாம், நீங்க வேலைய விட்டு கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த சப்ளையர்கிட்ட கிரெடிட் நோட் கேட்டு வாங்கிடுங்க, வரலன்னா டெலிவரி நோட் காப்பியோட கிளார்க்கிட்ட ஒப்படைச்சிட்டு, மெயில்ல "நனைஞ்ச பெட்டி விஷயம் கணக்கு பிரிவுகிட்ட பேப்பரோட இருக்கு"ன்னு ஒரே ஒரு வரி போதும்.

பணத்துக்கு அடுத்து எல்லாரும் விடுறது, சப்ளையர் இடத்துல கிடக்கிற நம்ம பொருள். பெட்டில பிரிண்ட் அடிக்கிற ரப்பர் பிளேட், இங்க ஸ்டீரியோன்னு சொல்வாங்க, அப்புறம் பெட்டிய வெட்டுற டை. முதல் ஆர்டர் அப்போ அதுக்கு நம்ம கம்பெனி தனியா பணம் குடுத்திருக்கும், ஆனா இருக்கிறது அவங்க ஷெட்ல. வருஷக்கணக்குல ஆள் மாறி ஆள் மாறி யாருதுன்னே மறந்து போயிடும், நாளைக்கு சப்ளையர மாத்தணும்னா புதுசா மறுபடி காசு குடுத்து செய்ய வேண்டி வரும். எந்தெந்த பெட்டிக்கு டை இருக்கு, எந்த இன்வாய்ஸ்ல பணம் குடுத்தோம்னு எழுதி, "இது எங்களோடது, உங்ககிட்ட இருக்கு"ன்னு சப்ளையர்கிட்ட ஒரு பதில் வாங்கி ஃபைல்ல போடுங்க. நல்லா பழகுன ஆள் இருக்குறப்போ இதை ஒரு போன்ல முடிச்சிடலாம், புது ஆள் வந்து கேட்டா அது சண்டையா தான் ஆகும். வாடகை பேலட் இருந்தா அதுவும் இப்படி தான், எத்தனை யார் பேர்ல நிக்குதுன்னு ஒரு தடவை சரி பார்த்துடுங்க, ஏன்னா வாடகை தினம் ஏறும்.

3. யாருக்கு தனி மெயில், யாருக்கு பொது மெயில்

எல்லாருக்கும் ஒரே மெயில் தட்டுறது ஈஸி, ஆனா வேண்டாம். ஆர்டர் நடந்துட்டு இருக்கவங்களுக்கும், நெருக்கடில கை குடுத்தவங்களுக்கும் தனித்தனியா எழுதுங்க. எப்பவாவது வாங்குறவங்களுக்கு ஒரு பொது மெயில் போதும். கோட்டேஷன் குடுத்தும் ஆர்டர் கிடைக்காதவங்களையும் விட்டுடாதீங்க, நேரம் ஒதுக்கி விலை போட்டு குடுத்தவங்க, அவங்களுக்கு யாரும் நன்றி சொல்றதே இல்ல. ஏதாவது தகராறு ஓடிட்டு இருக்கிற சப்ளையருக்கு மட்டும் மெயிலுக்கு முன்னாடி போன் பண்ணிடுங்க, இல்லன்னா நீங்க போறத அவர் தனக்கு சாதகமா "அவர் ஒத்துக்கிட்டாரே"ன்னு புது ஆள்கிட்ட திருப்புவார்.

பொது மெயில்ல எல்லா ஐடியையும் பிசிசில போடுங்க, "டு" கட்டத்துல உங்க ஐடி மட்டும். இதை அழுத்தி சொல்றேன். சிசில போட்டா போட்டி போடுற ரெண்டு லேபிள் கம்பெனி ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்குவாங்க, அதோட யாரோ ஒருத்தர் ரிப்ளை ஆல் அழுத்தி "என் பணம் எப்போ வரும்"னு கேட்டா நாப்பது பேருக்கு அது போகும். உங்க இடத்துக்கு வர்ற ஆள தனி மெயில்ல மட்டும் சிசி பண்ணுங்க.

4. எழுதுறது

இங்க மெயில் இங்கிலீஷ்ல தான் போகும், நான் தமிழ்ல சொல்றேன், நீங்க அப்படியே மாத்திக்கோங்க. தலைப்புல "குட்பை"ன்னு மட்டும் போடாதீங்க, அதை விளம்பரம்னு நினைச்சு அழிச்சிடுவாங்க. கம்பெனி பேர், ஆள் மாற்றம், தேதி இந்த மூணும் தலைப்புலயே வரட்டும்.

> வணக்கம் அங்கிள்,
>
> அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோட நான் இந்த கம்பெனிய விட்டு கிளம்புறேன். அதுக்கு அடுத்த திங்கள்ல இருந்து உங்க ஆர்டர் எல்லாம் இங்க சிசில இருக்கிறவர் பார்ப்பார், அவரோட ஆபீஸ் எக்ஸ்டென்ஷன் கீழ இருக்கு.
>
> மீதி 2,500 பெட்டி பேசின தேதில அப்படியே அனுப்புங்க, அந்த ஆர்டர்ல ஒரு மாத்தமும் இல்ல. நனைஞ்ச பெட்டி விஷயம் கணக்கு பிரிவுகிட்ட டெலிவரி நோட்டோட இருக்கு.
>
> 2022 ஏப்ரல் வெள்ளத்துல ரோடு அடைபட்டு நாங்க பெட்டி இல்லாம லைன் நிக்கிற நிலமைல இருந்தப்போ, நீங்க சுத்து வழில ரெண்டு சின்ன வண்டில கொண்டு வந்து இறக்கினீங்க. அன்னைக்கு எங்க ஷிஃப்ட் ஆளுங்க வேலைய நிறுத்தாம இருந்தது உங்களால தான். உங்க டிஸ்பாட்ச்ல இருக்கிற அண்ணன்கிட்டயும் என் நன்றிய சொல்லுங்க.
>
> எங்க பேங்க் விவரம், டெலிவரி விலாசம், ஆர்டர் அனுப்புற மெயில் ஐடி எதுவும் மாறல. மாறுச்சுன்னு யார் சொன்னாலும் எங்க ரிசப்ஷன் நம்பருக்கு கூப்பிட்டு கேட்டுட்டு செய்யுங்க.

இவ்வளவு போதும். நன்றி சொல்ற பத்தில ஒரு நிஜமான சம்பவம் இருக்கணும், அது அந்த சப்ளையருக்கு மட்டும் பொருந்தணும், பேர மாத்தி இன்னொருத்தருக்கு அனுப்ப முடிஞ்சா அதை அழிச்சிட்டு திரும்ப எழுதுங்க. டர்பன்ல வேலை பார்த்தவங்களுக்கு சம்பவத்துக்கு பஞ்சமே இல்ல, 2021 ஜூலை கலவரத்துல என்3 ஹைவே மூடினது, அடுத்த வருஷம் வெள்ளம், லோட் ஷெடிங் நேரத்துல ஜெனரேட்டர் போட்டு ஓட்டினது, இதுல ஏதாவது ஒண்ணுல உங்களுக்கு யாராவது ஓடி வந்திருப்பாங்க. முதலாளிய மட்டும் சொல்லாம உள்ள வேலை செஞ்ச ஆளையும் சொல்லுங்க, டிஸ்பாட்ச் கிளார்க், டிரைவர், இன்வாய்ஸ் அனுப்புற அக்கா. முதலாளி அதை அவங்ககிட்ட காட்டுவார்.

எழுதக்கூடாதது கொஞ்சம் இருக்கு. "நீங்க தான் எங்களோட பெஸ்ட் சப்ளையர்"னு எழுதாதீங்க, கம்பெனி லெட்டர்ஹெட் மாதிரி கையெழுத்து கீழ இருக்கிற மெயில் அது, டெண்டருக்கு சான்றிதழா வச்சு அனுப்புறவங்க இருக்காங்க. "இனியும் உங்ககிட்ட தான் வாங்குவாங்க"ன்னு வாக்கு குடுக்காதீங்க, அது இனி உங்க கைல இல்ல. விலைய பத்தியோ நீங்க வாங்கின டிஸ்கவுண்ட்ட பத்தியோ ஒரு வார்த்தை வேண்டாம். எந்த கம்பெனிக்கு போறீங்கன்னும் இதுல போடாதீங்க, அதே தொழில்னா உங்க கான்ட்ராக்ட்ல போட்டிக்கு போகக்கூடாதுன்னு ஒரு பிரிவு இருக்கலாம், அந்த மெயில் தான் முதல் சாட்சியா வந்து நிக்கும்.

5. அந்த பேங்க் விவர வரிய ஏன் விடக்கூடாது

ஆள் மாறுற நேரம் ஏமாத்துறவங்களுக்கு நல்ல நேரம். இந்த நாட்டுல ரொம்ப நடக்கிற ஒரு மோசடி, தெரிஞ்ச கம்பெனி பேர்ல போலி ஆர்டர் அனுப்புறது. மெயில் ஐடில ஒரு எழுத்து மட்டும் மாறி இருக்கும், லோகோ எல்லாம் அச்சு அசலா இருக்கும், "நான் தான் புது பையர், இந்த தடவை சரக்க இந்த குடோன்ல இறக்குங்க"ன்னு வரும். சப்ளையர் 30 நாள் கடன்ல லோடு இறக்கிட்டு மாச கடைசில ஸ்டேட்மெண்ட் அனுப்புறப்போ தான் அப்படி ஒரு ஆர்டரே இல்லன்னு தெரியும், அதுக்குள்ள குடோன் காலி. சின்ன சப்ளையருக்கு அந்த ஒரு லோடு போதும், எழுந்திரிக்கவே முடியாது.

எதிர்பக்கமும் இதே கதை. நீங்க போனதும் நம்ம கம்பெனிக்கு "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"ன்னு சப்ளையர் பேர்ல மெயில் வரும், சப்ளையர் குரல் தெரியாத புது ஆள் மாத்திடுவார். அதனால உங்களுக்கு அடுத்து வர்றவருக்கு ஒவ்வொரு சப்ளையரோட லேண்ட்லைன் நம்பரையும் பழைய இன்வாய்ஸ்ல இருந்து எடுத்து எழுதி குடுங்க. அக்கவுண்ட் மாறுதுன்னா பேங்க் முத்திரை போட்ட லெட்டர் வாங்கணும், அந்த பழைய நம்பருக்கு கூப்பிட்டு கேக்கணும், ரெண்டும் வேணும். மெயில்லயே இருக்கிற நம்பருக்கு கூப்பிட்டா அந்த திருடன் தான் எடுப்பான்.

6. அனுப்புற நாள்

கடைசி நாள் சாயங்காலம் அனுப்புனா பதில் வர்றப்போ உங்க ஐடி மூடியிருக்கும், யாரோட கேள்விக்கும் பதில் இல்லாம போயிடும். கடைசி வாரத்துக்கு முன்னாடி வாரமே தனி மெயில் எல்லாம் போயிடட்டும், பொது மெயில் கடைசி வாரம் செவ்வாய் இல்ல புதன். ரொம்ப முன்னாடியும் வேண்டாம், நாலு வாரம் முன்னாடியே தெரிஞ்சா சில பேர் உங்கள விட்டுட்டு நேரா மேல இருக்கவர்கிட்ட விலை ஏத்த பேச போயிடுவாங்க.

மாசம் 25 தேதில இருந்து அடுத்த மாசம் 3 தேதி வரைக்கும் மெயில் அனுப்புறத முடிஞ்ச வரைக்கும் தவிர்த்துடுங்க, எல்லாரும் ஸ்டேட்மெண்ட்லயும் பேமெண்ட்லயும் மூழ்கி கிடப்பாங்க. டிசம்பர் பாதில இருந்து ஜனவரி முதல் வாரம் வரை பாதி ஃபேக்டரி இங்க மூடி இருக்கும், நீங்க டிசம்பர் கடைசில கிளம்புறீங்கன்னா டிசம்பர் முதல் வாரத்துக்குள்ள முடிச்சிடுங்க. அந்த லீவுக்கு முன்னாடி இறங்க வேண்டிய லோடு எதுன்னும் அதே மெயில்ல சொல்லிடுங்க.

செலவுன்னு பெருசா ஒண்ணும் இல்ல. மெயில் இல்லாத ஆளுங்களுக்கு போன் தான், நம்ம பழைய பேலட்ட வாங்கிட்டு போய் ரிப்பேர் பண்ணி தர்றவர், காய்ஞ்ச மிளகாய் மூட்டை கொண்டு வர்றவர் மாதிரி ஆளுங்க. ஜூலு பேசுற பெரியவர பாபான்னு கூப்பிட்டு நேர்ல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அதுக்கு ஈடு மெயில்ல கிடையாது. வழக்கமா வர்ற டிரைவருங்களுக்கு நான் சாட்ஸ்வர்த்ல ஒரு கடைல மிட்டாய் வாங்கி குடுத்தேன், சொந்த காசுல, கம்பெனி கணக்குல எழுதல.

7. பதில் வர ஆரம்பிச்சதும்

வாழ்த்து சொல்றவங்களுக்கு ரெண்டு வரி போதும். பணம் கேக்குறவங்களுக்கு "நான் பாஸ் பண்ணிட்டு போறேன்"னு சொல்லாதீங்க, போற அவசரத்துல பேப்பர் பார்க்காம இன்வாய்ஸ் பாஸ் பண்ணது பின்னாடி வேற மாதிரி தெரியும். கிளார்க்க சிசில சேர்த்து என்ன பேப்பர் குறையுதுன்னு சொல்லிடுங்க. "அங்க போனதும் எங்ககிட்ட வாங்குவீங்களா"ன்னு கேட்டா, இங்க இருக்கிற வரைக்கும் அதை பேச முடியாதுன்னு மரியாதையா சொல்லுங்க, நல்ல வியாபாரி புரிஞ்சுப்பார்.

அப்புறம் கிஃப்ட். விஸ்கி பாட்டில், ஷாப்பிங் வவுச்சர், சில சமயம் கவர்லயும் வரும், "இப்போ தான் கிளம்புறீங்களே, இனி என்ன"ன்னு தான் குடுப்பாங்க. உங்க கடைசி நாள் முடியுற வரைக்கும் நீங்க அந்த கம்பெனியோட பையர் தான், 2004 ஊழல் தடுப்பு சட்டம் தனியார் கம்பெனிக்கும் சேர்த்து தான். கம்பெனி விதில எவ்வளவு வரைக்கும் வாங்கலாம்னு இருக்கும், அதுக்கு உட்பட்டதா இருந்தாலும் கிஃப்ட் ரெஜிஸ்டர்ல எழுதுங்க. பணமும் வவுச்சரும் எவ்வளவு சின்னதா இருந்தாலும் திருப்பி குடுத்துட்டு, திருப்பினத ஒரு மெயில்ல எழுதி மேனேஜருக்கு அனுப்புங்க.

கடைசி நாள் மதியம் ஆட்டோ ரிப்ளை போடுங்க: நான் இப்போ இங்க இல்ல, ஆர்டருக்கு இவர், பணத்துக்கு கிரெடிட்டர்ஸ் பிரிவு, அவசரத்துக்கு ரிசப்ஷன் நம்பர். உங்க சொந்த நம்பர் அதுல வேண்டாம். உங்க மெயில் ஐடிய உடனே அழிக்காம குறைஞ்சது அடுத்த ரெண்டு மாச ஸ்டேட்மெண்ட் வர்ற வரைக்கும் புது ஆளுக்கு திருப்பி விட சொல்லி கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்க. கம்பெனி சிம்ல இருக்கிற வாட்ஸ்அப்பயும் மறக்காதீங்க, டிரைவருங்க எல்லாம் கேட்ல வந்து நின்னு அந்த நம்பருக்கு தான் மெசேஜ் போடுவாங்க. சிம்ம டிராயர்ல வச்சிட்டு போகாம புது ஆள் கைல குடுத்து, அவர் போன்ல வாட்ஸ்அப் ஓடுதான்னு பார்த்துட்டு கிளம்புங்க.